ஐந்து இதழ் வளையம்

ஒரே வேலைக்கு நானும் என் வீட்டுக்காரரும் விண்ணப்பம் போட்டோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு பேரும் இயற்பியல் படித்தவர்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். ஜூனில் கூப்பிடுவார்கள், மார்ச்சில் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். திருவனந்தபுரத்தில் நிரந்தர இடம் காலியாவது ஆடிக்கு ஒருதரம், அமாவாசைக்கு ஒருதரம். அப்படி ஓர் இடம் வந்தால் வீட்டில் யார் போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்கவா முடியும்? இரண்டு பேரும் போட்டோம்.

ஆனால் ஒரு விஷயம் இருந்தது. அந்த வருஷத்தோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது. அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் அவரை நிரந்தரமாக எடுக்க முடியாது. எனக்கு இன்னும் சில வருஷம் பாக்கி இருந்தது. இது இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அழைப்புக் கடிதம் வந்த அன்று காலையில் நான்தான் சொன்னேன்.

"நான் போகலைங்க. நீங்க மட்டும் போங்க. எனக்கு அடுத்தது வரும்."

அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கோபப்பட்டால் அவர் எதையாவது நிமிர்த்தி வைப்பார்.

"பின்னே? நீ விட்டுக்கொடுத்து எனக்கு வேலை கிடைச்சதுன்னு ஆயுசு முழுக்க நான் கேக்கணுமா?"

"நான் எப்ப சொல்லப்போறேன்?"

"நீ சொல்லமாட்டே. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். மதி, இதப் பத்திப் பேச வேண்டாம். ரெண்டு பேரும் போறோம்."

அதோடு சரி. அவர் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில், நான் நாகர்கோவில்காரி. கரமனையில் ஆற்றுக்குப் போகும் அக்ரஹாரத் தெரு ஒன்றில் ஒரு வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்பாதியில் வீட்டுக்கார மாமி. எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் தாழ்ந்த குரலில்தான் போட வேண்டும், அவ்வளவு மெல்லிய சுவர்.

அழைப்புக் கடிதத்திலேயே மாதிரி வகுப்புக்கான தலைப்பைக் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே தலைப்பு, பத்து நிமிடம். அணுவில் எலெக்ட்ரான் சுற்றும் வட்டப்பாதையை ஒரு நிலை அலையாக, அதாவது நின்ற இடத்திலேயே ஆடும் அலையாகப் பார்த்தால், அதன் கோண உந்தம் ஏன் படிக்கட்டு மாதிரி குறிப்பிட்ட சில அளவுகளில் மட்டும் இருக்க முடிகிறது என்று காட்ட வேண்டும்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். வீணைக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கட்டியிருக்கிறது. தட்டினால் நடுவில் ஒரே புடைப்பாக ஆடலாம், இரண்டு புடைப்பாக ஆடலாம், மூன்றாக ஆடலாம். ஒவ்வொரு புடைப்பும் அரை அலை. எத்தனை அரை அலை இருந்தாலும் கம்பிக்குக் கவலையில்லை, இரண்டு முனையும் அசையாமல் இருந்தால் போதும். ஆனால் வட்டத்துக்கு முனை ஏது? எலெக்ட்ரானின் அலை ஒரு சுற்று போய்த் திரும்பினால் புறப்பட்ட இடத்தில் தன்மேலேயே கச்சிதமாகப் பொருந்த வேண்டும். அதற்கு முழு அலைகள் வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டரை என்றால் அடுத்த சுற்றில் மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம் வந்து விழும். அலை தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். ஆகவே வட்டத்தின் சுற்றளவு அலைநீளத்தின் முழு மடங்கு. அலைநீளம் என்பது பிளாங்க் மாறிலியை உந்தத்தால் வகுத்தது. இரண்டையும் சேர்த்தால் உந்தத்தை ஆரத்தால் பெருக்கியது, அதாவது கோண உந்தம், அந்த மாறிலியை 2π-ஆல் வகுத்ததன் முழு மடங்காக வந்து நிற்கும். கரும்பலகையில் நாலு வரி. சாக்பீஸ் பாதிகூடத் தேயாது.

நான் அந்த நாலு வரியை நம்பினேன். என் வீட்டுக்காரர் நம்பவில்லை. கணக்கை நம்பாதவர் இல்லை, கரும்பலகையை நம்பாதவர். பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. வகுப்பில் எதையாவது காட்டிவிட்டுச் சும்மா நிற்பார். யாராவது ஏன் என்று கேட்கும் வரை விளக்கம் சொல்லமாட்டார். "கேள்வி வர்றதுக்கு முன்னாடி பதில் சொன்னா அது காதுல ஏறாது" என்பது அவர் சித்தாந்தம். கெஸ்ட் லெக்சரருக்கு இவ்வளவு சித்தாந்தம் தேவையா என்று நான் கேட்டதுண்டு.

சாலைக் கடைத்தெருவில் மைக்செட் பழுதுபார்க்கும் கடையிலிருந்து ஒரு பழைய ஸ்பீக்கரை வாங்கி வந்தார். அதன் காகிதக் கூம்பின் நடுவில் ஒரு பாட்டில் மூடியை ஒட்டி, அதில் ஒரு திருகு வைத்தார். மெல்லிய எஃகுக் கம்பியை வட்டமாக வளைத்து, இரண்டு முனையையும் அந்தத் திருகில் இறுக்கினார். ஸ்பீக்கர் மேல் ஒரு வளையம் நிமிர்ந்து நின்றது. செல்போனில் ஒரே சீராக ஒலி எழுப்பும் ஆப் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் வழியாக ஸ்பீக்கருக்கு. சுருதியை மெல்ல மெல்ல உயர்த்தினால், சில இடங்களில் மட்டும் வளையம் திடீரென்று உயிர் பெற்று ஆடும். கம்பி மங்கலாகி, இதழ் இதழாகப் பிரிந்து பூ மாதிரித் தெரியும். இரண்டு இதழ்களுக்கு நடுவே கம்பி அசையாமல் ஒரு புள்ளியாக நிற்கும்.

முதல் முறை அது ஆடியபோது நான் சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்தேன். பொய் சொல்வானேன், கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் நான் படமாக வரைந்த ஒன்று எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஆடிக்கொண்டிருந்தது.

முன்பாதியிலிருந்து மாமியின் குரல் வந்தது. "என்னடியம்மா அது, கார்த்தாலேருந்து வண்டு மாதிரி ரீங்காரம்? மிக்சி ரிப்பேரா?"

"இல்லை மாமி, அணு" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் இதழ்களை எண்ணினேன். எண்ணுவது என் வியாதி. ஐந்து.

"அஞ்சு" என்றேன்.

"ஆமா, அழகா இருக்கு."

"அழகு இருக்கட்டும். ஒரு இதழ் அரை அலை. அஞ்சு இதழ்னா ரெண்டரை அலை. எலெக்ட்ரானுக்கு அது ஆகாதே?"

அவர் எண்ணிப் பார்த்தார். சுருதியை உயர்த்தினார். ஆறு வர வேண்டும். வந்தது ஏழு. தாழ்த்தினார். நாலு வர வேண்டும். வந்தது மூன்று. மறுபடியும் ஏற்றினார், இறக்கினார். மூன்று, ஐந்து, ஏழு. இரட்டை எண் மட்டும் வரவே இல்லை. எலெக்ட்ரானுக்கு எதெல்லாம் கூடாதோ அதை மட்டும் தேடித் தேடிக் காட்டியது அந்த வளையம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போய் ஆடை கட்டியது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மேல பாரு. திருகுக்கு நேர் எதிர்ல, உச்சியில. எப்பவும் இதழோட நடு. மூணு வந்தாலும் அஞ்சு வந்தாலும் உச்சி ஆடிக்கிட்டே இருக்கு."

பார்த்தேன். உண்மைதான். திருகு இருக்கும் இடத்தில் கம்பி இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது, அங்கே இதழ் விரிய முடியாது. ஸ்பீக்கர் மேலும் கீழுமாகத் தள்ளுவதால் இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே மாதிரி ஆடுகின்றன. அதனால் உச்சியில் எப்போதும் புடைப்பு. அடியில் அசையாப் புள்ளி, உச்சியில் புடைப்பு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிப் பிரித்தாலும் மொத்தம் ஒற்றைப்படைதான் வரும்.

"பார்க்கத்தான் வட்டம்" என்றார். "உள்ளுக்குள்ள இது ரெண்டு முனை கட்டின கம்பி. வளைச்சு வெச்சிருக்கோம், அவ்வளவுதான். திருகு போட்ட இடத்துல இதுக்கு ஒரு ஆரம்பமும் முடிவும் இருக்கு. எலெக்ட்ரானோட வட்டத்துல திருகு கிடையாது."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

முனை இல்லாத வளையம் ஒன்று செய்து பார்த்தோம். பழவங்காடிக்குப் பின்னால் ஒரு பட்டறையில் எஃகுப் பட்டையை வட்டமாக வளைத்து, முனைகளைப் பற்றவைத்து வாங்கி, நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு மின்காந்தத்தை வைத்து அசைத்தோம். அது நாலு இதழாக ஆடியது, ஆறாகவும் ஆடியது. அதாவது இரண்டு அலை, மூன்று அலை. எலெக்ட்ரானின் எண்கள். ஆனால் ஆட்டம் மிகச் சின்னது. நுண்ணிய மணலைத் தூவியா பார்க்க முடியும்? விரலால் தொட்டுத் தொட்டுத்தான் எங்கே ஆடுகிறது எங்கே ஆடவில்லை என்று தெரிந்தது. தேர்வுக் குழுவின் கனவான்களைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொல்ல முடியாது.

நேர்காணலுக்கு முந்தின நாள் நான் சொன்னேன், "வளையமே வேண்டாம். நாலு வரி போதும்."

"நான் தப்பான வளையத்தையே எடுத்துட்டுப் போறேன்."

"என்னது?"

"காட்டுவேன். மூணு, அஞ்சு, ஏழு. ஏன் ரெட்டை வரலைன்னு கேப்பாங்க. கேட்ட உடனே திருகைக் காட்டுவேன். அந்த ஒரு திருகுல மொத்தப் பாடமும் இருக்கு. எலெக்ட்ரானுக்கு முழு எண் எங்கேருந்து வருதுன்னா, முனை இல்லாததுலேருந்து வருது. அதக் காட்ட முனை உள்ளது ஒண்ணு வேணும்."

பாடமாக அதைவிட நல்ல பாடம் நான் கேட்டதில்லை. ஆனால் நேர்காணலுக்கு? "கேக்கலைன்னா?" என்றேன்.

"கேக்காம இருப்பாங்களா? இயற்பியல் படிச்சவங்க."

"கேக்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"நானே சொன்னா அது பாடம் இல்ல, ஒப்பிக்கிறது."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். இவர் பிடித்த வளையத்துக்கு மூன்றே இதழ். கோபத்தில் நான் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு அறைவாசலுக்கு வந்தார். சமாதானத்துக்கு வந்தார் என்று நினைத்தேன்.

"ஒரு சந்தேகம். நிலை அலைன்னு சொல்றோம். நிக்குதுன்னா அது எந்தப் பக்கம் சுத்துது? சுத்தலைன்னா கோண உந்தம் எங்கேருந்து வந்துது?"

சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். நான் எழுந்து உட்கார்ந்தேன். என்னை எழுப்ப வேறு வழி தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். அரை மணி நேரம் பேசினோம். நிலை அலை என்பது இடமாக ஓடும் அலையும் வலமாக ஓடும் அலையும் சம அளவில் சேர்ந்தது. அப்படியே எடுத்துக்கொண்டால் சராசரிக் கோண உந்தம் பூஜ்யம். ஆகவே கோண உந்தம் வேண்டுமென்றால் ஒரே பக்கம் ஓடும் அலையைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதற்கும் அதே விதிதான்: சுற்றி வந்தால் தன்மேல் பொருந்த வேண்டும். படிகள் வருவது நிற்பதால் இல்லை, பொருந்துவதால். அத்தோடு இந்த வட்டப் படமே பாதி உண்மைதான். முழுக் கணக்கில் அணுவின் மிகத் தாழ்ந்த நிலைக்குக் கோண உந்தமே கிடையாது. படம் ஏணி மாதிரி, ஏறியதும் விட்டுவிட வேண்டும் என்று முடிவுக்கு வந்தோம். சண்டை என்னாயிற்று என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை.

மறுநாள் மழை. அவர் வளையத்தையும் ஸ்பீக்கரையும் ஒரு பெரிய துணிப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நேர்காணலில் அவர் எனக்கு முன்னால். உள்ளே போனவர்கள் வேறு வாசல் வழியாக வெளியேற வேண்டும், காத்திருப்பவர்களிடம் பேசக் கூடாது என்று ஏற்பாடு.

நான் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. சிறிது நேரம் கழித்து அந்த ரீங்காரம் கேட்டது. எனக்கு அதன் ஒவ்வொரு சுருதியும் தெரியும். இது மூன்று. சுருதி ஏறியது. இது ஐந்து. மறுபடி ஏறியது. ஏழு. பிறகு நின்றது. இப்போது கேட்பார்கள் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு குரலும் கேட்கவில்லை. பிறகு யாரோ இரண்டு வார்த்தை பேசினார்கள். மணி அடித்தது. அடுத்தது நான்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்: நிர்வாகத்தின் ஆள் ஒருவர், பிரின்சிபல், வெளியிலிருந்து வந்த பாட வல்லுநர். மேஜைமேல் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் மழை ஈரம் ஒரு வட்டமாகப் பதிந்திருந்தது. நான் அதைப் பார்க்காமல் கரும்பலகைக்குப் போய் வட்டம் போட்டேன். பொருந்தாத அலையை ஒருமுறை வரைந்தேன், பொருந்துவதை ஒருமுறை. நாலு வரி எழுதினேன். நன்றாகத்தான் போயிற்று. முடித்ததும் வல்லுநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"நிலை அலை என்கிறீர்களே டீச்சர். நிற்கிறது என்றால் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது?"

எனக்கு ஒரு கணம் சாம்பார் வாசனையே வந்துவிட்டது. பதில் சொன்னேன். ஏணி வரைக்கும் சொன்னேன். வல்லுநர் மற்ற இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டினார். பிரின்சிபல் புன்னகைத்தார். வேலை எனக்குத்தான் என்று வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது.

வாசலுக்கு எதிரே டீக்கடையில் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டாங்களா?" என்றேன்.

"இல்ல."

"நீங்களாவது சொன்னீங்களா?"

"சொல்ல வந்தேன். அதுக்குள்ள பிரின்சிபல், 'பரவாயில்ல சார், சில நேரம் கருவி சரியா வேலை செய்யாது, டென்ஷன் ஆகாதீங்க'ன்னு சொல்லிட்டார். ரொம்ப அன்பாத்தான் சொன்னார். அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் சாக்கு மாதிரி இருக்கும். தாங்க்யூ சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டீக்கடையே ஆடியிருக்க வேண்டும். யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை. அவர்மேலா, கேட்காத அந்த மூன்று பேர்மேலா? "வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று கத்திவிட்டேன். டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர், "உன்னை என்ன கேட்டாங்க?" என்றார்.

நான் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். உண்மையான சிரிப்பு. "நல்ல கேள்விதான்" என்றார். அன்று நான் டீயைக் குடிக்கவில்லை.

பட்டியலில் நான் முதல், அவர் மூன்றாவது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். எப்படியும் வேலை உங்கள் வீட்டுக்குத்தானே வந்தது என்றார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார். நான் சேர்ந்த அன்று என் பையில் குடையை அவர்தான் வைத்தார். வயது வரம்பு தாண்டியது. அவர் கெஸ்ட் வேலையை விட்டுவிட்டு நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. இதழை எண்ணு, இரண்டால் வகு, கட்டத்தைக் கறுப்பாக்கு. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் பதில் சொல்ல அவருக்கும் நேரம் தரமாட்டார்கள். அவர் குறை சொல்லவில்லை. வளையம் பரணில் ஏறியது.

சேர்ந்து கொஞ்ச நாளில் பிரின்சிபல் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் என்னோடு மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. நேர்காணலைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அன்றைக்கு டீச்சருக்கு முன்னால் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், பாவம். ஒரு கருவி கொண்டுவந்தார், அது வேலை செய்யவே இல்லை. அஞ்சு லூப் காட்டுகிறது! ஒற்றைப்படை! நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன்."

அவருக்குத் தெரியாது. ஒரே விலாசம் என்று ஆபீஸில் யாரும் கவனித்திருக்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம்; புதிதாகச் சேர்ந்தவள், பேசாமல் இருப்பதுதான் புத்தி. ஆனால் என் புத்தி என்றைக்கு என் வாயைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது?

"அவர் என் வீட்டுக்காரர் சார்" என்றேன். "கருவி சரியாத்தான் வேலை செஞ்சது."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஏதோ மன்னிப்பு மாதிரிச் சொல்ல ஆரம்பித்தார். நான் நிறுத்தினேன். "நாளைக்கு எனக்கு இரண்டாம் பீரியட். அந்தப் பாடம்தான். சார் வந்து உட்கார முடியுமா?" என்று கேட்டேன். பிரின்சிபலைக் கூப்பிடும் தொனியில் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் வருகிறேன் என்றார்.

வீட்டில் நான் விஷயத்தைச் சொல்லாமல் பரணிலிருந்து வளையத்தை இறக்கினேன். அவர் பார்த்தார். திருகை ஒருமுறை இறுக்கிக் கொடுத்தார்.

பிரின்சிபல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் மூன்றைக் காட்டினேன், ஐந்தைக் காட்டினேன், ஏழைக் காட்டினேன். பிறகு வளையத்தை ஆடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாக்கு நுனியில் பதிலை வைத்துக்கொண்டு சும்மா நிற்பது. வகுப்பு குசுகுசுத்தது. எண்ணினார்கள். ஒரு பெண் இன்னொருத்தியின் நோட்டில் ஏதோ கிறுக்கினாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பின்னாலிருந்து குரல் வந்தது. பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீச்சரே, இது ஏன் இரட்டைப்படையில் வரவில்லை?"

பிரின்சிபல்தான். பிள்ளைகளுக்காகக் கேட்டமாதிரி இல்லை. அவருக்கே தெரிய வேண்டியிருந்தது. நான் திருகைக் காட்டினேன். உச்சியைக் காட்டினேன். முனை உள்ள வட்டமும் முனை இல்லாத வட்டமும் வேறு வேறு என்று சொன்னேன். இந்த வளையத்துக்குக் கட்டு இருக்கிறது, அதனால் அரை அலைகளை வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள்கிறது. எலெக்ட்ரானுக்குக் கட்டு இல்லை, அதனால் முழு அலை தவிர வழியில்லை, கோண உந்தம் படிகளாக வருவது அதனால்தான் என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் என் வீட்டுக்காரருடையது. பிரின்சிபல் சின்னப் பையன் மாதிரித் தலையை ஆட்டினார். மணி அடித்த பிறகும் மேஜைக்கு வந்து, வளையத்தின் உச்சியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவர் பயிற்சி மையத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன்.

"எதுவரைக்கும் போனே?" என்றார்.

"ஏழு வரைக்கும்."

"யாராவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"யாரு?"

"பிரின்சிபல். ஏன் ரெட்டை வரலைன்னு கேட்டார். அவருக்கே தெரியணும்னு கேட்டார்."

அவர் குழாயை மூடினார். துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். நிதானமாக, ஒவ்வொரு விரலாக. நல்லதாப் போச்சு என்பார், இல்லை சிரிப்பார் என்று நினைத்தேன். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போகும்போது சொன்னார்.

"அன்னைக்குக் கேட்டிருக்கலாம்."